சேர்ந்தவர்கள் 317

பழைய பக்கத்தை எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆறு மாதமாகப் பயிற்சி நிலையத்தின் இணையதளத்தில் தொங்கிக்கொண்டிருந்தது அது. நடுவில் கோப்பை, இரண்டு பக்கமும் பட்டாசு, கீழே முகங்கள், எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில் '90% வெற்றி'. அவன் ஒரு பொத்தானை அழுத்தினான். வெள்ளைத் திரை வந்தது. கண்ணுக்குக் கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது.

எடுக்கச் சொன்னது நுகர்வோர் துறையிலிருந்து வந்த கடிதம். பயிற்சி நிலையங்களின் விளம்பரத்துக்குப் புது விதி வந்திருந்தது. தேர்ச்சி பெற்றவர் பெயரோ படமோ போட்டால், அவர் எந்தப் பயிற்சியில் படித்தார், எத்தனை நாள் படித்தார், என்ன இடம் பிடித்தார் என்று பக்கத்திலேயே சொல்ல வேண்டும். நிபந்தனையை எறும்பெழுத்தில் போடக்கூடாது, பெருமை எந்த அளவில் இருக்கிறதோ அதே அளவில்தான் இதுவும். மாணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அதுவும் முடிவு வந்த பிறகு வாங்கியது. சேரும்போது வாங்கிய கையெழுத்து செல்லாது.

செல்லாமல் போனது நல்லதுதான். சேர்க்கைப் படிவத்தின் கடைசி வரியில், 'நான் வென்றால் என் படத்தை நிலையம் பயன்படுத்தலாம்' என்று இருந்ததை ஒருவரும் படித்ததில்லை. அந்த வரியை எழுதியவனே அவன்தான்.

திங்கட்கிழமை புதிய சேர்க்கை. அதற்குள் புதிய பக்கம் வேண்டும். இடையில் ஐந்து நாள்.

நிலையத்தை நடத்துபவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ஃபார்முலா சார். கணக்கு ஆசிரியர். எழுத்தர் தேர்வுக்குப் பயிற்சி கொடுப்பவர்களில் கணக்கை இவ்வளவு எளிதாகச் சொல்லித் தருபவர் சுற்றுவட்டாரத்தில் வேறு ஆள் கிடையாது. அதில் பொய் இல்லை. பொய் இருந்தது தொண்ணூறில். நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டவர்கள் ஐம்பது பேர், தேறியவர்கள் நாற்பத்தைந்து. அதிலிருந்து வந்தது அந்தத் தொண்ணூறு. எழுத்துத் தேர்விலேயே போனவர்கள், பாதியில் நின்றவர்கள் எல்லாம் அந்தக் கணக்குக்குள் வரவேயில்லை.

"தம்பி, உண்மையா ஒரு பக்கம் பண்ணு. ஆனா பாக்க நல்லா இருக்கணும்" என்றார் ஃபார்முலா சார்.

அவன் சரி என்றான். இந்த ஒரு வருடமாக எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். மனைவி போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. கல்யாணமாகி இரண்டு வருடம்கூட முழுதாக வாழவில்லை. அவளும் இந்த நிலையத்தில்தான் எழுத்தர் தேர்வுக்குச் சேர்ந்திருந்தாள். ஊழியர் மனைவி என்று சலுகை எதுவும் வேண்டாம், நேராகப் படிவம் வாங்கித்தான் சேருவேன் என்று வரிசையில் நின்று சேர்ந்தாள். நான்காவது மாதம் காய்ச்சல் என்று நின்றாள். அது காய்ச்சல் இல்லை என்று தெரிய ஆறு வாரம் ஆனது. பிறகு வகுப்புக்கு வரவில்லை.

இதெல்லாம் நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால் யாரும் பேசுவதில்லை. அது அவனுக்கு வசதியாக இருந்தது.

*

சம்மதம் வாங்கும் வேலையைக் கவுண்டர் அக்கா ஏற்கெனவே முடித்துவிட்டதாகச் சொன்னாள். சேர்க்கைக் கவுண்டரில் பதினொரு வருடம் உட்கார்ந்தவள். எந்த அப்பா பேரம் பேசுவார், எந்த அம்மா அழுவாள் என்று கதவைத் திறக்கும்போதே சொல்லிவிடுவாள்.

"நாப்பத்தஞ்சு பேருக்கும் மெசேஜ் போட்டாச்சு. முப்பத்தெட்டு பேர் சரின்னுட்டாங்க. ஏழு பேர் பதிலே இல்ல. வேலை கெடச்சதும் நம்மள எதுக்கு ஞாபகம் வெக்கப் போறாங்க?"

அவன் பட்டியலைத் திறந்தான். முப்பத்தெட்டு பேருக்கு நேராக 'ஆம்'. ஒவ்வொன்றாகப் பதிலைத் தேடிப் பார்த்தான். ஒன்பது பேர் வாக்கியமாக எழுதியிருந்தார்கள். மீதி இருபத்தொன்பது பேரும் அனுப்பியது கும்பிடும் கைப்படம் மட்டும்.

"அக்கா, இவங்க சரின்னு எங்க சொல்லியிருக்காங்க?"

"கும்பிடு போட்டிருக்காங்களே, கண்ணு தெரியலையா?"

"நீங்க என்ன அனுப்பினீங்க?"

அவள் கைப்பேசியைத் தூரமாகப் பிடித்து வாசித்தாள். "வாழ்த்துகள். உங்கள் வெற்றியில் நாங்கள் பெருமைப்படுகிறோம். உங்கள் படத்தை எங்கள் பக்கத்தில் போட விரும்புகிறோம். மேலும் உயர வாழ்த்துகள்."

"வாழ்த்துக்குத்தான் கும்பிட்டிருக்காங்க."

"இடையில படம்னு இருக்கில்ல?"

"முன்னாடி வாழ்த்து, பின்னாடி வாழ்த்து. நடுவுல இருக்கிறத யாரு படிச்சாங்கன்னு எப்படித் தெரியும்?"

கவுண்டர் அக்கா கொஞ்ச நேரம் அந்தக் கும்பிடுகளைப் பார்த்தாள். "அடப்பாவமே. அந்தக் கணக்குல பாத்தா எங்க சின்ன மாமியார் எனக்குத் தினமும் காலையில கும்பிடு அனுப்பிச் சொத்தையே எழுதிக் குடுக்கறாங்களே" என்றாள்.

அவனுக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம். முகம் என்னவோ அசைந்தது. அது போதும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

புதிதாக ஒரு செய்தி எழுதினான். வாழ்த்து இல்லை. எந்தப் படம், என்ன பெயர், எந்த இடம், எந்தப் பயிற்சி, எத்தனை நாள், எங்கே போடுவோம், எத்தனை மாதம் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் எடுக்கச் சொல்லலாம், மறுத்தால் ஒன்றும் ஆகாது, பக்கத்தில் போடும் மொத்த எண்ணிக்கையில் மட்டும் இருப்பீர்கள். விருப்பம் இருந்தால் உங்கள் வார்த்தையில் எழுதி அனுப்புங்கள். இதை அனுப்பிவிட்டு, ஒன்பது பேரை விட்டு மற்ற முப்பத்தாறு பேரையும் போனில் கூப்பிட ஆரம்பித்தான்.

இரண்டு நாள் அதிலேயே போனது. காது சூடானது. குரல் தேய்ந்தது. பல பேர் எடுக்கவில்லை. எடுத்தவர்களில் பாதிப் பேர் கடன் அட்டை விற்பவன் என்று நினைத்து வைத்துவிட்டார்கள்.

ஒரு மாணவனின் எண்ணில் அவன் அப்பா எடுத்தார். "போடுங்க! பெருசாப் போடுங்க! எங்க வீதி மொத்தமும் பாக்கணும்."

"உங்க பையன்கிட்ட கேக்கணும்ங்க."

"அவன் என்ன சொல்றது, நான் பெத்தவன் சொல்றேன்."

"அவருக்கு இருபத்திரண்டு வயசு. அவரே எழுதித் தரணும்."

"கையெழுத்தா? நானே போட்டுத் தரேன், ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்." பின்னால் யாரோ "அப்பா, போனக் குடுங்க" என்றார்கள். மகன் வாங்கி, படம் வேண்டாம், பெயர் மட்டும் போதும் என்று தணிந்த குரலில் சொன்னான். பின்னால் அப்பா கத்துவது கேட்டது.

முதலிடம் பிடித்தவன் உடனே எடுத்தான். நகரம் முழுக்க விளம்பரத் தட்டியில் தொங்கிய முகம் அவனுடையது. "தாராளமாப் போடுங்க அண்ணா. ஆனா நான் உங்ககிட்ட வந்தது பதினோரு நாள், இன்டர்வியூ பயிற்சிக்கு மட்டும். எழுத்துத் தேர்வுக்கு வீட்டுலயே படிச்சேன். அதையும் போட்டுடுங்க. என் மாமா பையன் என் படத்தப் பாத்துத்தான் உங்க பத்து மாச வகுப்புல சேரப் போறேன்னு நிக்கறான். நான் சொன்னா நம்ப மாட்டேங்கறான்."

அவன் எழுதிக்கொண்டான். நேர்முகப் பயிற்சி, 11 நாள்.

மூன்றாவது நாள் காலை ஒரு பெண் எடுத்தாள். ஒன்பதாவது இடம், பத்து மாத வகுப்பு, முழுக்க முழுக்க இவர்கள் மாணவி. காட்டிப் பெருமைப்பட வேண்டுமென்றால் இவளைத்தான் காட்ட வேண்டும். அவன் சொல்வதை எல்லாம் கேட்டுவிட்டு, "வேணாம்ங்க" என்றாள்.

"பரவாயில்லைங்க. காரணம் சொல்லணும்னு இல்ல."

வைத்துவிடுவாள் என்று நினைத்தான். வைக்கவில்லை. பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

"எங்க வீட்டுக்காரரும் உங்ககிட்டதான் படிச்சாரு. ஒரே வகுப்பு. எனக்குப் புரியாததெல்லாம் அவருதான் சொல்லிக் குடுத்தாரு. நான் தேறிட்டேன். அவரு ஒரு மார்க்ல போயிட்டாரு. வீட்டுல யாரும் அதப் பத்திப் பேசறதில்ல. என் படத்தத் தட்டியில மாட்டினீங்கன்னா, அந்த வழியாப் போறப்பல்லாம் அவரு தலையத் திருப்பிக்கணும்."

"புரியுதுங்க."

"புதுசா ஏதோ மொத்த எண்ணிக்கையும் போடப் போறீங்கன்னு மெசேஜ்ல இருந்துச்சே. அதுல அவரு இருக்காரா?"

"இருக்காருங்க. பேரு இருக்காது. எண்ணிக்கையில இருப்பாரு."

"அப்ப நானும் எண்ணிக்கையிலயே இருந்துக்கறேன். ரெண்டு பேரும் ஒண்ணாவே இருக்கோம்." சிரித்தாள். "சாதம் குழையுது, வெக்கறேன்."

அவள் வரிசைக்கு நேராக 'இல்லை' என்று போட்டான். பிறகு வெகுநேரம் அடுத்த எண்ணை அழுத்தவில்லை.

முடிவில் இருபத்து நான்கு பேர் படத்துக்கும் பெயருக்கும் எழுதித் தந்திருந்தார்கள். ஆறு பேர் பெயர் மட்டும். மீதிப் பதினைந்து பேர் வெறும் எண்ணிக்கை.

*

வியாழக்கிழமை மதியம் ஃபார்முலா சாரின் அறைக்குப் போனான். வெள்ளைப் பலகையில் காலை வகுப்பின் கணக்கு அழியாமல் கிடந்தது. அவன் வரைவைத் திரையில் காட்டினான்.

'பத்து மாத வகுப்பு. சேர்ந்தவர்கள் 317. எழுத்துத் தேர்வு எழுதியவர்கள் 228. நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் 34. தேர்ச்சி பெற்றவர்கள் 31.' அதற்குக் கீழே தனியாக, 'நேர்முகப் பயிற்சி மட்டும், 11 நாள். சேர்ந்தவர்கள் 16. தேர்ச்சி பெற்றவர்கள் 14.'

ஃபார்முலா சார் மூக்குக்கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். முதலிடத்துப் பையன் படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்தார்.

"இந்தப் பதினோரு நாளக் கொஞ்சம் சின்னதாப் போடக் கூடாதா?"

"அவரு பேரு எந்த அளவோ அதே அளவு சார். விதி."

"சரி, போகட்டும். நூத்துக்குப் பத்து கூட வரலியேய்யா. முந்நூத்திப் பதினேழுல முப்பத்தொண்ணு. பக்கத்துத் தெருக்காரன் இன்னமும் தொண்ணூத்தஞ்சுன்னு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான்."

"அவருக்கும் கடிதம் வரும் சார்."

"வர்ற வரைக்கும் பசங்க அங்க போவாங்க." எழுந்து பலகைப் பக்கம் போனார். கையில் பேனா இல்லாமல் அவருக்கு யோசிக்க வராது. "பாரு. பாதியில நின்னவங்கள எதுக்குச் சேக்கற? பரீட்சையே எழுதாதவன எப்படித் தோத்தவன்னு சொல்லுவ? இருநூத்திருபத்தெட்டுல முப்பத்தொண்ணு. பதிமூணரை. இது ஒண்ணும் பொய் இல்ல. மனசறிஞ்சு சொல்லு, பொய்யா?"

பொய் இல்லை. அதுதான் தொல்லை. தேர்வு எழுதியவர்களில் இத்தனை பேர் என்று சொல்லிவிட்டுப் போட்டால் ஒருவரும் குறை சொல்ல முடியாது. ஆனால் சேர வருபவர்களுக்குத் தெரிய வேண்டியது அது மட்டுமில்லை. எண்பத்தொன்பது பேர் பணம் கட்டி, நோட்டு வாங்கி, இந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் பாதியில் போயிருக்கிறார்கள். அவர்களை எடுத்துவிட்டால் அவர்கள் வந்ததே இல்லை என்று ஆகிறது.

நூற்று எண்பத்தாறாவது வரிசையை அவன் திறக்கவில்லை. திறக்க வேண்டியதில்லை. அவள் பெயர், சேர்ந்த நாள், அதற்குப் பக்கத்தில் கவுண்டர் அக்காவின் கையெழுத்தில் 'வரவில்லை'.

"எண்பத்தொன்பது பேரும் இருக்கணும் சார்."

ஃபார்முலா சார் பேனாவை மூடினார். அவன் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினார். "எனக்குத் தெரியும்ப்பா. உன் சம்சாரமும் அதுல இருக்காங்க. வேணும்னா அவங்கள மட்டும் தனியா எடுத்துடலாம். முந்நூத்திப் பதினாறுன்னு போடு. யாரும் கேக்க மாட்டாங்க. தவறிப் போனவங்களப் போய் விட்டுட்டுப் போனவங்க கணக்குல வெக்கறது எனக்கே நல்லா இல்ல."

நல்ல மனதோடுதான் சொன்னார். அவனுக்கு அது தெரிந்தது. ஒரு வருடத்தில் முதல் முறையாக அவனுக்குக் கோபம் வந்தது. வந்து கொஞ்ச நேரம் நின்றது.

"அவ சேர்ந்தா சார். வரிசையில நின்னு சேர்ந்தா."

ஃபார்முலா சார் மூடிய பேனாவை மேசையில் வைத்தார்.

"அவளுக்காகச் சொல்றேன்னு நீங்க நினைக்கறீங்க. இருக்கலாம். ஆனா அவ இல்லன்னாலும் எண்பத்தெட்டு பேர் இருக்காங்க. அவங்க ஏன் போனாங்கன்னு நம்மகிட்ட ஒரு வரிகூட இல்ல. எல்லாருக்கும் 'வரவில்லை'ன்னுதான் இருக்கு."

"சதவீதம் எதுவும் போடலியா?"

"போடல. நாலு எண்ணும் இருக்கு. வேணுங்கறவங்க போட்டுக்கட்டும். பதிமூணரை வேணுமா, அதுலயே இருக்கு. பத்து வேணுமா, அதுவும் இருக்கு."

"கீழ பொறுப்பாளர்னு ஒரு பேரு வேணுமே. விதியில இருக்குன்னியே."

"என் பேரப் போட்டா முந்நூத்திப் பதினேழு. உங்க பேருன்னா உங்க இஷ்டம்."

இதைச் சொன்னபோது வேலை போனாலும் போகட்டும் என்று இருந்தது. வீரமெல்லாம் இல்லை. அசதி. பெரும் அசதியில் இருக்கிறவனை மிரட்ட ஒன்றும் கிடைக்காது.

"போய்ச் சாப்பிடு" என்றார் ஃபார்முலா சார்.

வெள்ளிக்கிழமை அவர் இதைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு வகுப்பு எடுத்தார், ஒரு மாணவனைத் திட்டினார், வீட்டுக்குப் போனார். சனிக்கிழமை காலை கவுண்டர் அக்காதான் அவனிடம் வந்தாள். பழைய வருகைப் பதிவேடுகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"நேத்து சாயங்காலம் கூப்பிட்டாரு. எண்பத்தொன்பது பேர்ல யாரு யாரு ஏன் நின்னாங்கன்னு எழுதுன்னாரு. எனக்கு எப்படித் தெரியும்? உக்காந்து யோசிச்சேன். பதினேழு பேருக்குத்தான் காரணம் தெரிஞ்சுது. ஒருத்திக்குக் கல்யாணம். ஒருத்தனுக்கு வேற வேலை. நாலு பேருக்கு நம்ம இங்கிலீஷ் வகுப்பு புடிக்கல, அத அப்படியே எழுதிட்டேன், திட்டினா திட்டட்டும்." குரல் இறங்கியது. "உன் வீட்டுக்காரிக்கு 'உடல்நலம்'னு மாத்தியிருக்கேன். 'வரவில்லை'ன்னு எழுதினப்ப எனக்குத் தெரியாதுப்பா. வராத அன்னிக்கு எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவேன்."

"தெரியும்க்கா."

"வேற ஏதாவது எழுதணுமா?"

"இல்ல. அது போதும்."

மதியம் ஃபார்முலா சார் அவன் மேசைக்கே வந்தார். நின்றபடியே பக்கத்தை மேலிருந்து கீழே பார்த்தார். "பொறுப்பாளர் எடத்துல என் பேரப் போடு. உன் பேரப் போட்டா யாராவது வந்து கேக்கறப்ப நீ நிக்கணும். நிலையம் என்னுது."

"எண்?"

"எண்ண மாத்தாத." போகத் திரும்பியவர் நின்றார். "அந்தக் கோப்பை, பட்டாசு எல்லாம்?"

"எடுத்துட்டேன் சார்."

"கோப்பையாவது இருந்திருக்கலாம்" என்று முனகிக்கொண்டே போனார்.

*

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பக்கம் ஏறியது. கவுண்டரில் கூட்டம் வழக்கத்தில் பாதி. மற்ற பாதி பக்கத்துத் தெருவில் இருந்திருக்கும். கவுண்டர் அக்கா ஆள் வராத இடைவெளியில் நகம் வெட்டினாள். வந்தவர்களில் இரண்டு பேர் திரையைப் படம் எடுத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். ஒருவர், இவ்வளவு கம்மியா என்று கேட்டு, இவ்வளவு கம்மி என்று சொன்ன பிறகும் படிவம் வாங்கினார்.

பக்கத்தின் கீழே இருந்த தொலைபேசி எண் அவன் மேசையுடையது. பதினொன்றரைக்கு அது அடித்தது. ஒரு பெண் குரல், நடுத்தர வயது, பின்னால் பேருந்துச் சத்தம்.

"உங்க பக்கத்தப் பாத்துட்டுப் பேசறேன் தம்பி. என் பொண்ணச் சேக்கலாம்னு இருக்கோம். ஒரு சந்தேகம்."

"சொல்லுங்கம்மா."

"முந்நூத்திப் பதினேழு பேர் சேர்ந்திருக்காங்க. பரீட்சை எழுதினது இருநூத்திருபத்தெட்டு. மீதி எண்பத்தொன்பது பேர் எங்க போனாங்க?"

ஒரு வாரமாக இந்தக் கேள்விக்குத்தான் அவன் இடம் செய்துகொண்டிருந்தான். கேட்க ஒரு ஆள் உண்டு என்று மட்டும் அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை.

"பாதியில நின்னுட்டாங்கம்மா. பதினேழு பேருக்குத்தான் காரணம் தெரியும். கல்யாணம், வேற வேலை, எடம் மாறினது. நாலு பேருக்கு எங்க இங்கிலீஷ் வகுப்பு புடிக்கல. மத்தவங்களுக்கு நாங்க கேக்காம விட்டுட்டோம். இனிமே கேப்போம்."

"ஓஹோ." அந்த அம்மா எழுதிக்கொள்வது போல இருந்தது. "என் பொண்ணுக்கு அப்பப்ப உடம்புக்கு முடியாமப் போகும். அதான் கேட்டேன். உடம்பு சரியில்லாம நின்னவங்க யாராவது உண்டா?"

"ஒருத்தங்க."

"அப்புறம் திரும்பி வந்து சேர்ந்தாங்களா?"

பேருந்து ஒன்று அந்தப் பக்கம் ஒலி எழுப்பிப் போகும்வரை அவன் காத்திருந்தான்.

"இல்லம்மா. இறந்துட்டாங்க."

"ஐயோ." குரல் தணிந்தது. "தெரிஞ்ச பிள்ளையா தம்பி?"

"என் மனைவி."

இந்த வார்த்தையைச் சத்தமாகச் சொல்லி எத்தனை நாள் ஆயிற்று என்று அவனுக்கு நினைவில்லை. சொன்ன பிறகு அறை அப்படியேதான் இருந்தது. மின்விசிறி சுற்றியது. கவுண்டர் அக்கா தலையைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நான் கேட்டிருக்கக் கூடாது" என்றாள் அந்த அம்மா.

"கேக்கலாம்மா. கேக்கணும்னுதான் போட்டிருக்கோம்."

மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, கொஞ்சம் தயங்கிய குரலில், "காலை வகுப்பு எத்தன மணிக்குத் தம்பி?"

"ஆறரைக்கு. உடம்பு முடியாதவங்கன்னா பத்து மணி வகுப்பு இருக்கு. நேர்ல வந்து பாருங்க. ஒரு வாரம் உக்காந்து பாத்துட்டு அப்புறம் சேரட்டும்."

"நாளைக்குக் கூட்டிட்டு வரேன். யாரக் கேக்கணும்?"

"என்னையே கேளுங்க" என்றான் அவன்.